போன் என்ர, அழிக்கிற உரிமை ஆருக்கு?

கிளிநொச்சியில் ஒரு ஒபிஸ். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைத்தாச்சு, கதிரை காட்டியாச்சு, தேத்தண்ணியும் குடிச்சாச்சு. பிறகு ஐரி அண்ணை வருகிறார். "போனைத் தாங்கோ தங்கச்சி, மெயில் போட்டுத் தாறன்." பிள்ளை லொக்கை எடுத்துப் போனை நீட்டுகிறாள். அஞ்சு நிமிசம். அண்ணை நாலைந்து இடத்தில் அமத்துகிறார், ஒருக்கா பாஸ்வேர்ட் கேக்கிறார், திருப்பித் தருகிறார். "சரி, இனி எங்க நிண்டாலும் மெயில் வரும்."

இது என்ர சிநேகிதி ஒருத்தியின் கதை. பதினாலு மாதத்துக்குப் பிறகு புரொஜெக்ட் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. எல்லாரும் கேக் வெட்டி, படம் எடுத்து, நல்ல மாதிரித்தான் அனுப்பி வைத்தார்கள். அன்று இரவு அவள் டேட்டாவை நிப்பாட்டிப்போட்டுப் படுத்திட்டாள். விடியக் காலமை எழும்பி டேட்டாவைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் போன் தானாக நின்று, திரும்பக் கிளம்பி, கடையில் புதுசாக வாங்கின போன் மாதிரி மொழியைத் தெரிவுசெய்யச் சொல்லிக் கேட்டது. உள்ளுக்கு ஒன்றும் இல்லை. நம்பர்கள் இல்லை, வைபர் இல்லை, படங்கள் இல்லை.

அந்தப் படங்களில் ஒன்று அவளுடைய அப்பாவின் படம். 2009இல் வன்னியை விட்டு வெளியில் வந்த குடும்பங்களில் எத்தனை பேரிடம் அல்பம் இருக்கிறது? அவளின் வீட்டில் ஒன்றுமே இல்லை. யாரோ ஒரு சொந்தக்காரரின் கலியாண அல்பத்தில் அப்பா ஓரத்தில் நிற்கிற படம் ஒன்று ஜெர்மனியில் இருந்தது. மாமி ஒருவர் அதைப் போனால் படம் பிடித்து வைபரில் அனுப்பியிருந்தார். மாமி இப்போது உயிரோடு இல்லை. அந்த அல்பம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

வைரஸ் இல்லை, ஹக்கிங் இல்லை, போனில் பழுதும் இல்லை. விலகுகிற ஊழியர் ஒருவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒபிசில் ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலின்படி யாரோ ஒரு பட்டனை அமத்தினார். முதல் நாள் அந்த அஞ்சு நிமிசத்தில் அவளின் போன் அதற்குச் சம்மதம் கொடுத்திருந்தது.

புதுசாக ஒபிஸ் வேலைக்குப் போகிற ஆக்களுக்கு எங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் சொல்கிற புத்திமதியில் எனக்குக் கோவம் வருவது இதனால்தான். "ஆறு மணிக்குப் பிறகு மெயில் பாக்காதை", "நோட்டிபிகேஷனை நிப்பாட்டு", "வேலையையும் வீட்டையும் மனசில பிரிச்சு வை." வேலை மெயிலையும் சொந்தச் செயலிகளையும் பிரிப்பதென்றால் மனதை அடக்குகிற விசயம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மனதை எவ்வளவு அடக்கினாலும் அவளின் அப்பாவின் படம் மிஞ்சியிருக்காது. பிரிக்க வேண்டியது அதிகாரத்தை. ஒரே போனுக்குள் எந்தப் பகுதியில் ஒபிசுக்குக் கை வைக்கலாம், எந்தப் பகுதியில் ஏலாது என்பதுதான் கேள்வி. அது போனின் அமைப்பில் முடிவாகிற விசயம். முதல் நாளே முடிவாகிற விசயம்.

அந்தத் திரையில் என்ன எழுதியிருந்தது

பல ஒபிசுகளின் மெயில் மைக்ரோசொப்டின் எக்ஸ்சேஞ்ச் சேர்வரில், அல்லது அதே நிறுவனத்தின் இணையச் சேவையில் இருக்கும். அந்த மெயிலைப் போனோடு வருகிற சாதாரண மெயில் செயலியில் "எக்ஸ்சேஞ்ச்" கணக்காகச் சேர்த்தால், சேர்வர் போனிடம் சில நிபந்தனைகள் கேட்கும். அன்ட்ராய்ட் போனில் அப்போது ஒரு திரை வரும். தலைப்பு `Activate device admin app?` என்று இருக்கும். கீழே ஒரு பட்டியல். அதில் பெரும்பாலும் முதலாவதாக நிற்பது இதுதான்: `Erase all data`. அதன் கீழே சின்ன எழுத்தில், முன்னறிவித்தல் இல்லாமல் போனை முழுவதாகத் துடைத்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகலாம் என்று விளக்கமும் இருக்கும்.

மறைச்சு வைக்கவில்லை, எழுதித்தான் கேட்கிறது. ஆனால் அந்தத் திரை வருகிற நேரம் போன் உங்கள் கையில் இல்லை, ஐரி அண்ணையின் கையில் இருக்கிறது. அவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு பேரின் போன் பார்க்க வேணும். அவர் `Activate` ஐ அமத்திவிடுவார். அவரும் வாசிக்கவில்லை, நீங்களும் வாசிக்கவில்லை.

இதற்குப் பிறகு சேர்வரை நிர்வகிக்கிறவரின் பக்கத்தில் உங்கள் போனின் பெயர் ஒரு வரியாக நிற்கும். அதற்குப் பக்கத்தில் துடைக்கிற கட்டளை இருக்கும். இப்போதைய எக்ஸ்சேஞ்சில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மெயில் கணக்கை மட்டும் அழிப்பது. மற்றது, போனையே அழிப்பது. எதை அமத்துவது என்பது அந்தக் கதிரையில் இருக்கிறவரின் கையில். இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் இருந்தால் உங்கள் கதை முடிந்தது.

கட்டளை உடனே போனுக்குள் குதிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். அது சேர்வரில் காத்துக்கொண்டிருக்கும். போன் அடுத்த முறை "புது மெயில் இருக்கா?" என்று கேட்கிற நேரம் பதிலாக அந்தக் கட்டளை வரும். சிநேகிதியின் போன் இரவு முழுக்க உயிரோடு இருந்து, காலையில் டேட்டா போட்டவுடன் துடைபட்டதற்குக் காரணம் இதுதான். இரவே அந்தக் கணக்கைப் போனிலிருந்து அவள் எடுத்திருந்தால், காலையில் கேள்வி கேட்க ஆள் இல்லை. கட்டளையும் வந்திருக்காது.

உங்கள் போனில் இப்படி ஏதும் இருக்கா என்று இப்பவே பார்க்கலாம். Settings க்குள் மேலே இருக்கிற தேடல் பெட்டியில் `Device admin` என்று ரைப் பண்ணுங்கள். `Device admin apps` என்ற பட்டியல் வரும். அதில் உங்கள் தொலைந்த போனைத் தேடித் தருகிற கூகிளின் செயலி இருக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். அது உங்கள் கணக்கின் கையில் இருக்கிற அதிகாரம். ஆனால் மெயில் செயலி ஒன்று அங்கே "ஓன்" ஆக நின்றால், உங்கள் போனை அழிக்கிற திறப்பு ஒன்று வெளியில் இருக்கிறது என்று அர்த்தம். ஐபோனில் இந்தத் திரை வராது. ஆனால் அதன் சொந்த மெயில் செயலியில் ஒபிஸ் மெயிலை `Microsoft Exchange` என்று சேர்த்தால், முழுப் போனையும் துடைக்கிற கட்டளை அங்கேயும் வேலை செய்யும். சத்தமில்லாமல்.

"நீர் என்னத்தை ஒளிக்கிறீர்?"

இதைக் கேட்டவுடன் ஒபிசில் வருகிற முதல் பதில் இதுதான். "ஒண்டும் ஒளிக்க இல்லையெண்டால் ஏன் பயப்பிடுறீர்?"

எங்கட பக்கத்துச் சனத்துக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னவர்களும் இதைத்தான் கேட்டார்கள். ஒபிசிலும் இதே வசனம் கேட்டால் பதில் சொல்ல ஏலாமல் தலை குனியத் தேவையில்லை. வீட்டுக்கு வேலி போடுகிறவன் களவாணி இல்லை. அயலோடு சண்டை வராமல் இருக்கத்தான் வேலி. எங்கட ஊரில் ஒரு கதியால் அரை அடி தள்ளி நட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். போனுக்குள் மட்டும் படலையைத் திறந்துவிட்டு "வாங்கோ" என்கிறோம்.

ஆனால் ஒபிசின் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அது பெரிய நியாயம். வன்னியில் இருக்கிற ஒபிஸ் மெயிலில் என்ன இருக்கும்? பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் பட்டியல், அடையாள அட்டை இலக்கத்தோடு. மாற்றுத்திறனாளிகளின் விபரம். கடன் எடுத்தவர்களின் கணக்கு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் நம்பிச் சொன்ன வாக்குமூலம். இப்படி ஒரு கோப்போடு உங்கள் போன் வவுனியா பஸ்ஸில் தொலைந்தால் அந்தச் சனத்துக்கு ஆர் பதில் சொல்வது? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கு இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று வந்தும் இருக்கிறது. ஆகவே தொலைந்த போனில் இருக்கிற தன் மெயிலைத் தூரத்தில் இருந்தே அழிக்க ஒபிசுக்கு உரிமை வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது அளவை. தன் அறையைப் பூட்ட வந்தவருக்கு ஏன் முழு வீட்டையும் எரிக்கிற உரிமை? தன் அறையை மட்டும் பூட்டுகிற வழி பத்து வருசத்துக்கு மேலாகப் போனுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் போடாமல் விடுவதற்குச் சோம்பல் ஒன்றுதான் காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தகவலைக் காக்கிற வேலை ஊழியரின் போனில் தொடங்குவதில்லை. 2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்கத்தின் மெயில் சேவை கப்பம் கேட்கிற வைரஸ் தாக்குதலில் விழுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, ஏறத்தாழ 5,000 `gov.lk` முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்கள் பல இடங்களில் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்கு வேறாக வைத்த பிரதி இருக்கவில்லை. பாவித்த எக்ஸ்சேஞ்ச் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, காலாவதியானது. நாட்டின் சேர்வருக்கே பிரதி எடுத்து வைக்காத இடத்தில், சின்ன உத்தியோகத்தரின் போனுக்கு மட்டும் இவ்வளவு இறுக்கம் எதற்கு? முதலில் வீட்டுக் கூரையைப் பாருங்கோ, பிறகு எங்கட சட்டைப் பொக்கற்றைப் பாக்கலாம்.

வேலியை எங்கே போடுவது

மூன்று வழி சொல்கிறேன். உங்கள் ஒபிசின் அளவைப் பொறுத்து ஒன்று பொருந்தும்.

பெரிய நிறுவனம், சர்வதேச அமைப்பு, வங்கி என்றால் அவர்களிடம் போன்களை நிர்வகிக்கிற மென்பொருள் இருக்கும். அவர்களிடம் கேட்க வேண்டிய சொல் "வேர்க் புரொபைல்". 2014இல் வந்த அன்ட்ராய்ட் 5 முதல் இது இருக்கிறது. போனுக்குள்ளேயே ஒரு தனி அறை உருவாகும். அந்த அறைக்குள் இருக்கிற செயலிகளின் படத்தில் ஒரு சின்னப் பெட்டி அடையாளம், கைப்பெட்டி மாதிரி, ஒட்டியிருக்கும். செயலிகளின் பட்டியல் `Personal`, `Work` என்று இரண்டாகப் பிரியும். ஒபிஸ் மெயில், ஒபிஸ் நம்பர்கள், ஒபிஸ் கோப்புகள் அந்த அறைக்குள். நிர்வாகிக்கு அந்த அறை மட்டும்தான் திறக்கும். உங்கள் படங்கள், மெசேஜ்கள், நீங்கள் வைத்திருக்கிற செயலிகள் ஒன்றும் அவருக்குத் தெரியாது. போனின் மொடல் தெரியும், அன்ட்ராய்ட் பதிப்புத் தெரியும், திரைப்பூட்டு இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம். அவர் அழித்தால் அந்த அறை மட்டும் போகும். நீங்களே அழிக்க வேண்டும் என்றாலும் Settings க்குள் `Remove work profile` இருக்கும்.

வேலி சரியாகப் போட்டதா என்று பார்ப்பது சுகம். எல்லாம் செய்து முடித்த பிறகு மெயில் செயலியில் அந்தப் பெட்டி அடையாளம் இருக்கா? இல்லையென்றால் அறை உருவாகவில்லை, ஒபிஸ் உங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து இருக்கிறது. இன்னொரு பொறியும் உண்டு. "உங்கட போனை ஒருக்கா றீசெட் பண்ணிப்போட்டு, முதல் திரையில ஆறு தரம் தட்டி, இந்த கியூஆர் கோட்டை ஸ்கான் பண்ணுங்கோ" என்று சொன்னால் உடனே நிறுத்துங்கள். அது முழுப் போனையும் நிறுவனத்தின் சொத்தாக்கிற முறை. ஒபிஸ் வாங்கித் தந்த போனுக்கு அது சரி. நீங்கள் தவணைக் காசு கட்டுகிற போனுக்கு அது சரியில்லை.

இந்த அறையோடு ஒரு நன்மை சும்மா கிடைக்கிறது. மேலிருந்து இழுக்கிற பட்டனில் `Work apps` என்று ஒன்று இருக்கும். அதை அமத்தினால் ஒபிஸ் செயலிகள் எல்லாம் மொத்தமாக உறங்கும். பிரான்சில் 2017 முதல், ஐம்பது பேருக்கு மேல் வேலைசெய்கிற நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிந்திய தொடர்பைப் பற்றி ஊழியரோடு பேசித் தீர்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம். நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்று அது எழுதி வைத்திருக்கிறது. போனை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆர் நிப்பாட்டுவது என்று அதில் இல்லை. நீங்கள்தான் நிப்பாட்ட வேண்டும். ஒரு பட்டனால் நிப்பாட்டக்கூடிய மாதிரிப் போனை வைத்திருப்பது மனதை அடக்குவதைவிடச் சுலபம்.

இரண்டாவது வழி, எக்ஸ்சேஞ்ச் மெயில் இருக்கிறது, ஆனால் வேர்க் புரொபைல் போடுகிற வசதி ஒபிசில் இல்லை என்கிற இடத்துக்கு. போனின் சொந்த மெயில் செயலியை விட்டுவிட்டு மைக்ரோசொப்டின் அவுட்லுக் செயலியில் போடச் சொல்லுங்கள. துடைக்கிற கட்டளை வந்தால் அவுட்லுக் தன் உள்ளடக்கத்தை மட்டும் துடைத்துக்கொள்ளும், போனைத் தொடாது. சிநேகிதியின் போனில் ஐரி அண்ணை இந்தச் செயலியைப் போட்டிருந்தால், அதே பட்டனை அதே ஆள் அமத்தியிருந்தாலும், அப்பாவின் படம் இன்றைக்கும் இருந்திருக்கும். ஒரு செயலியின் வித்தியாசம்.

மூன்றாவது வழி, எந்த ஒபிசுக்கும் பொருந்துவது: மெயிலைப் போனில் சேர்க்கவே வேண்டாம், இணைய உலாவியில் திறவுங்கள். ஒபிசுக்கென்று தனியாக ஒரு உலாவி. நான் பயர்பொக்ஸ் வைத்திருக்கிறேன். அதில் மெயில் பக்கத்தைத் திறந்து, முகப்புத் திரையில் ஒரு குறுக்குவழி போட்டால் செயலி மாதிரியே நிற்கும். குரோமில் செய்யாதீர்கள். அன்ட்ராய்டில் குரோம் போனின் கூகிள் கணக்குகளோடு ஒட்டினது. அதில் ஒபிசின் கூகிள் கணக்கால் உள்நுழையப் போனால் கணக்கைப் போனிலேயே சேர்த்துவிடுகிற இடத்துக்குக் கொண்டுபோகும். உலாவி வழியில் நோட்டிபிகேஷன் வராது, நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். அவசரமென்றால் அழைப்பு எடுக்கட்டும். தரவிறக்குகிற கோப்புகள் போனின் `Download` இல் தங்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள், அது அந்தச் சனத்தின் பட்டியல்.

கூகிள் மெயில் என்றால் வேறு சிக்கல்

எங்கள் பக்கத்தில் கன சின்ன அமைப்புகள், சங்கங்கள், கடைகள் கூகிள் மெயிலைத்தான் பாவிக்கின்றன. அங்கே போன் துடைபடுவது அரிது. வேறொன்று நடக்கும், மெதுவாக நடக்கும்.

ஜீமெயில் செயலியில் ஒபிஸ் கணக்கைச் சேர்த்தால் மெயில் மட்டும் வருவதில்லை. அந்தக் கணக்கு முழுப் போனிலும் ஒரு கணக்காகச் சேர்ந்துவிடுகிறது. அன்றிலிருந்து நீங்கள் புதுசாகச் சேமிக்கிற நம்பர் எந்தக் கணக்கில் போய் விழுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஒபிஸ் கணக்கு முன்னுக்கு நின்றால் சின்னம்மாவின் நம்பரும் அங்கேதான் போகும். வேலையை விட்டு, கணக்கை எடுத்தால் சின்னம்மாவும் போய்விடுவா. வட்ஸ்அப்பின் பிரதி கூகிள் கணக்கு ஒன்றில்தான் சேமிக்கப்படும். எந்தக் கணக்கு என்று கேட்கிற நேரம் ஒபிசுடையதை அமத்தியிருந்தால், கணக்கு மூடப்படுகிற நாளோடு உங்கள் பிரதியும் உங்கள் கையில் இல்லை. கூகிள் போட்டோசும் அப்படித்தான். கோயில் திருவிழாப் படம் ஒபிஸ் கணக்கில் ஏறிக் கிடக்கும்.

ஆகவே சேர்த்தாகத்தான் வேண்டும் என்றால், சேர்த்த அன்றே மூன்று இடத்தைப் பாருங்கள். Settings இல் கணக்குகளுக்குள் போய் ஒபிஸ் கணக்கின் `Account sync` இல் மெயிலைத் தவிர மற்றதெல்லாம், முக்கியமாக `Contacts`, நிப்பாட்டுங்கள். வட்ஸ்அப்பில் Settings, `Chats`, `Chat backup` போய் `Google Account` என்ற இடத்தில் உங்கள் சொந்த முகவரி நிற்கிறதா என்று பாருங்கள். கூகிள் போட்டோசில் மேல் மூலையில் இருக்கிற வட்டத்தை அமத்தி எந்தக் கணக்கு என்று பாருங்கள். பத்து நிமிச வேலை.

வேலி இரண்டு பக்கத்துக்கும்

"அப்ப ரெண்டு போன் வாங்குங்கோவன்" என்று சொல்கிற ஆக்களுக்கு: முதல் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்து, மோட்டர்சைக்கிள் தவணை கட்டி, மிச்சத்தில் இரண்டாவது போனா? ஒபிசுக்கு மெயில் அவசியமென்றால் போனை ஒபிஸ் வாங்கட்டும். வாங்க ஏலாதென்றால் என்ர போனில் அளவாக இருக்கட்டும். இரண்டிலொன்று.

வேலி போட்டவர் தானும் தாண்டக் கூடாது. ஒபிஸ் மெயிலைச் சொந்த ஜீமெயிலுக்கு அனுப்பி வைப்பது, பயனாளிகளின் பட்டியலை வட்ஸ்அப்பில் தள்ளுவது, இதெல்லாம் நாங்களே கதியாலைப் பிடுங்குகிற வேலை. அதைச் செய்கிறவருக்கு "என்ர போனைத் தொடாதே" என்று சொல்ல வாய் வராது.

இந்த வேலியால் ஏலாத விசயமும் இருக்கிறது. பூட்டைத் திறந்து போனை ஒருவரின் கையில் கொடுத்தால் எந்த அறையும் காக்காது. ஒபிஸ் வட்ஸ்அப் குழுவில் உங்கள் சொந்த நம்பர் நிற்கிற வரைக்கும் இரவு பத்து மணிக்கும் "நாளைக்கு றிப்போட்" என்று வரும். இரண்டு சிம் இருந்தால், 2023 கடைசியில் இருந்து அன்ட்ராய்டில் ஒரே வட்ஸ்அப்பில் இரண்டு கணக்கு வைக்கலாம். ஒபிசுக்கு இரண்டாவது நம்பரைக் கொடுங்கள். படங்களுக்குப் பிரதி எடுப்பதும் உங்கள் வேலை. டேட்டா காசு என்று சிநேகிதியும் நானும் எடுக்காமல் விட்டோம். இப்போது முக்கியமான படங்களை மட்டும் ஒரு மெமரி கார்ட்டில் போட்டு வீட்டில் வைத்திருக்கிறேன். அதற்கு டேட்டா தேவையில்லை.

வேலையை விடுகிற நாள் வந்தால் ஒழுங்கு முக்கியம். ஒபிசின் கோப்புகளைக் கையளித்து, ஒரு மெயிலில் அதை எழுதி வையுங்கள். உங்கள் நம்பர்கள் சொந்தக் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒபிஸில் இருக்கிற நேரமே, அவர்களுக்குச் சொல்லிப்போட்டு, கணக்கைப் போனிலிருந்து எடுங்கள். `Device admin apps` பட்டியலில் அது போய்விட்டதா என்று திரும்பவும் பாருங்கள். கேக் வெட்டுவது அதற்குப் பிறகு.

முதல் நாளுக்கோ ஒரு வேலைதான். ஐரி அண்ணை கை நீட்டுகிற நேரம் போனைக் கொடுக்காமல் உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, இப்படிக் கேளுங்கள்: "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ, நான் அமத்திறன். நாளைக்கு நான் விலகினால் இதில எதெது அழியும்?"

அவருக்குப் பதில் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால், அன்றைக்கு மெயிலைக் கம்பியூட்டரில் பாருங்கள்.